பத்துக் கடலை: பெங்களூரில் நான்கு நாள்

நவம்பர் 23, சனி

கோவில்பட்டிக்காரன் கடலை பார்க்க பெங்களூருக்குப் போகிறேன் என்று சொன்னால் ஊரில் யாராவது சும்மா விடுவார்களா? "நம்ம ஊர்ல இல்லாத கடலையா சார்?" என்று ஆசிரியர் அறையில் ஒரு வாரம் ஓட்டினார்கள். எங்கள் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லாருக்குமே கடலை விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம். எனக்கு ஸ்ரீராமபுரத்தில் ஓர் அத்தை இருக்கிறார். ஒவ்வொரு கார்த்திகைக்கும் அங்கே நடக்கிற கடலைத் திருவிழாவுக்கு, "பரிஷெ வருது, வாடா" என்று போன் போடுவார். இருபது வருடமாகத் தட்டிக்கழித்துவிட்டு இந்தத் தடவை நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

ரயிலில் தூக்கமே இல்லை. பக்கத்துப் படுக்கையில் ஒருவர் இரவு முழுக்கப் பங்குச்சந்தை வீடியோ பார்த்தார், காதில் எதையும் மாட்டாமல். காலையில் இறங்கியதும் குளிர் காதைக் கடித்தது. எங்கள் ஊரில் நவம்பர் என்றால் மழை. இங்கே மூடாக்கான வானமும், ஸ்வெட்டர் போட்ட நாய்களும்.

அத்தை வீடு மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். மாமா பின்னி மில் வேலைக்கு என்று வந்தவர். மில் மூடி, மாமாவும் போய், அத்தை மட்டும் அதே சந்தில் அதே வீட்டில். தமிழ் அப்படியேதான் இருக்கிறது, நடுநடுவே "ஸ்வல்ப", "பேடா" என்று கன்னடம் கல் மாதிரி தட்டுப்படும். மத்தியானம் அத்தை வைத்த எள்ளுத் துவையலும் ரசமும் சாப்பிட்டுப் படுத்தவன் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்தேன். இன்று அவ்வளவுதான்.

நவம்பர் 24, ஞாயிறு

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பார்த்தேன். திரை போட்டு மூடியபடியே பதினெட்டு வருடம் நின்று, 2009-ல்தான் திறந்தார்கள். கீழே இரண்டு பையன்கள் உட்கார்ந்து வறுத்த சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். வள்ளுவருக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து. நானும் ஒரு சோளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். 30 ரூபாய். எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தாராளம்.

மாலையில் காந்தி பஜாரில் தோசைக்காக முக்கால் மணி நேரம் நின்றோம். தோசை தடிமன், வெளியே மொறுமொறு, நெய் தட்டில் ஓடுகிறது. அத்தை பை டூ காபி சொன்னார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிற இந்த ஏற்பாடு மட்டும் எங்கள் ஊரில் வந்தால் டீக்கடைக்காரர் அடிக்க வருவார். இங்கே மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள்.

பரிஷெ நாளைதான் என்றாலும் புல் டெம்பிள் சாலையில் இன்றே கடலை மூட்டைகள் இறங்கிவிட்டன. "ஞாயித்துக்கிழமையே கூட்டம். நாளைக்கு என் கையை விடாத" என்றார் அத்தை. எனக்கு நாற்பத்து நான்கு வயது.

நவம்பர் 25, திங்கள்

இன்றைக்குள்ளதைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும். தூக்கமும் வரவில்லை.

கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கள்கிழமை நடக்கிறது கடலெகாயி பரிஷெ. இந்தப் பக்கம் முன்பு சுங்கேனஹள்ளி என்ற ஊராம். விளைந்த கடலையை ஒரு காளை வந்து வந்து மேய்ந்ததாம். விரட்டிப் பார்த்து முடியாமல், முதல் விளைச்சலை உனக்கே தருகிறோம் என்று விவசாயிகள் வேண்டிக்கொண்டார்களாம். கெம்பே கவுடா கட்டியதாகச் சொல்லும் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய பசவண்ணர், அதாவது நந்தி, படுத்திருக்கிறார், பதினைந்து அடி உயரத்துக்கு. நான் போனபோது அவர் முன்னால் கடலை மலையாகக் கிடந்தது. மேய்ந்த குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனை.

ஸ்ரீராமபுரத்தில் பச்சை வழித்தடத்தில் ஏறி நேஷனல் காலேஜில் இறங்கி நடந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் கடலைக் குவியல். பச்சை, வறுத்தது, அவித்தது, சிவப்புப் பருப்பு, நீள ஓடு, குட்டை ஓடு. கோலார், சிக்கபள்ளாபூர் பக்கத்துக்காரர்கள் நிறைய. நடுவே நம் ஆட்களும் இருந்தார்கள். பூகிள் ராக் பாறைக்கு எதிர்ப்புறம் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "அண்ணா, கிருஷ்ணகிரி கடலை, தின்னு பாத்துட்டு வாங்கு" என்றார். தின்று பார்த்தேன். கோவில்பட்டியை விட்டுக்கொடுக்கக் கூடாதுதான், ஆனால் அவித்த கடலையில் அந்த அம்மாவுக்கு உப்புப் பதம் கைவந்திருந்தது. ஒரு சேர் 50 ரூபாய். சேர் என்பது அளக்கிற டின். குவியலாக அளந்து மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்.

பணம் எடுக்கக் குனிந்தபோதுதான் அந்தப் பாப்பாவைப் பார்த்தேன். ஐந்து வயது இருக்கும். கையில் சிவப்பு பிளாஸ்டிக் பீப்பி. அழவில்லை. ஒரு பச்சைச் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானைக்காரர் திரும்பி, "யாரு கண்ணா நீ?" என்று கன்னடத்தில் கேட்டார். பாப்பா அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். அதுவரை அந்தச் சேலையைத் தன் அம்மா என்று நம்பி நடந்து வந்திருக்கிறாள். முகம் மாறியதும் பீப்பியை வாயில் வைத்துக்கொண்டாள், ஊதவில்லை. அப்புறம்தான் அழுகை வந்தது.

நான் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கால்களும் பைகளும் தள்ளுவண்டிகளின் அடிப்பக்கமும்தான் தெரிகின்றன. இந்த உயரத்தில் அம்மா என்பது ஒரு துணியின் நிறம்தான்.

அழுகைக்கு நடுவே "அம்மா" என்றதில் தமிழ்ச் சாயல் இருந்தது. அத்தை தமிழில் பேசியதும் கொஞ்சம் அடங்கினாள். அம்மா பெயர் என்ன? "அம்மா." அப்பா பெயர்? "டாடி." வீடு எங்கே? "மாடியில." பள்ளிக்கூடம்? "மிஸ்." பெயரைச் சொன்னாள், ஆனால் அந்தக் கூட்டத்தில் அந்தப் பெயரில் குறைந்தது நூறு பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். பாப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "அம்மா தெரிறாங்களா பாரு" என்று கோயில் பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். இருபது அடி போவதற்குள் கடலைக்கார அம்மா எழுந்து வந்து சட்டையைப் பிடித்தார். "எங்க கூட்டிட்டுப் போற? அவ அம்மா தேடிட்டு இந்தப் பக்கம்தான் வருவா. நீ அந்தப் பக்கம் போனா?" அவர் பார்வையில் இன்னொரு கேள்வியும் இருந்தது. தெரியாத ஆம்பளை, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறான். அவர் சந்தேகப்பட்டது நியாயம்தான். திரும்பி வந்து சாக்கில் உட்கார வைத்தேன்.

அத்தை கேட்டார்: "அம்மா போன் நம்பர் தெரியுமா கண்ணு?"

பாப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பாடினாள். ஆமாம், பாடினாள். ஆங்கில எண்களில், ஏதோ நர்சரிப் பாட்டு மெட்டில். "நைன்" என்று தொடங்கி மூன்று எண், ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று, ஒரு நிறுத்தம், அப்புறம் மிச்சம். வேகமாக. நான் போனில் தட்டுவதற்குள் முடித்துவிட்டாள்.

"கடைசி நாலு நம்பர் மட்டும் சொல்லு" என்றேன். முழித்தாள். நடுவிலிருந்து அவளால் தொடங்க முடியாது. பாட்டை முதலிலிருந்துதான் பாட முடியும், இடையில் யாராவது பேசினால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவையில் முழுக்கத் தட்டினேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பது இலக்கம். அழைத்துப் பார்த்தேன், எண்ணைச் சரிபார்க்கவும் என்று ஒரு குரல் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னது.

இதற்குள் யாரோ சொல்லி, தொட்ட கணபதி கோயில் பக்கத்துப் போலீஸ் பந்தலிலிருந்து ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழ் புரியும், பேசினால் பாதி பாதி. "மகு, அளபேடா. நம்பர் ஹேளு" என்றார். பாப்பா மறுபடி பாடினாள். அவரும் எழுதிப் பார்த்தார். ஒன்பதுதான்.

சரிபார்க்க அவர் திருப்பிப் படித்துக் காட்டினார், நாம் எல்லாரும் சொல்வதுபோல் முதல் ஐந்தை ஒன்றாகவும் மிச்சத்தை ஒன்றாகவும் பிரித்து. பாப்பா உறுதியாகத் தலையாட்டினாள்: "அது எங்கம்மா நம்பர் இல்ல." அதே எண்கள், அதே வரிசை. ஆனால் மூன்று மூன்றாகக் கேட்டால்தான் அவளுக்கு அது அம்மா நம்பர். பதினெட்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். வாய்ப்பாட்டை நடுவில் கேட்டால் பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவதைத் தினமும் பார்க்கிறவன்தான். இருந்தும் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது கடலைக்கார அம்மாவுக்கு. சாக்கில் ஓர் இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, குவியலிலிருந்து ஒரு கை கடலையை எடுத்துப் பாப்பா மடியில் போட்டார். "கண்ணு, ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு கடலை வைக்கிறியா? மெதுவா." அவருக்கு ஆங்கில எண் அவ்வளவு பழக்கமில்லை. சேர் கணக்கே அவர் கடலை வைத்துத்தான் போடுகிறார், அதை நான் முன்பே பார்த்திருந்தேன்.

பாப்பா பாடிக்கொண்டே வைத்தாள். கை வேலை செய்ததால் பாட்டும் மெதுவானது. மூன்று கடலை. கொஞ்சம் இடம் விட்டு மூன்று. அப்புறம் "த்ரீ" என்று இழுத்தாள். "த்ரீ…ஈ". இரண்டு கடலையை ஒன்றாக வைத்தாள். பிறகு ஒன்று, ஒன்று.

பத்துக் கடலை. வாயில் ஒன்பது, சாக்கில் பத்து.

"டபுள் த்ரீ!" என்றார் கான்ஸ்டபிள். அம்மா சொல்லிக் கொடுத்தபோது "டபுள்" என்றிருக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாததால் பாட்டில் அது கரைந்து வெறும் இழுப்பாக மிச்சமிருக்கிறது. ஆனால் இரண்டு என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது.

இரவு வந்ததும் அத்தை வீட்டுக் காலண்டர் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி. ஒன்பது இலக்கம் இருக்கிறது, விழுந்துபோனது எது, எந்த இடத்தில் என்று தெரியாது என்றால் முயன்று பார்க்க வேண்டிய எண்கள் 91. நம் ஊர்க் கைபேசி எண்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும் என்பதால் அதில் சில கழியும், பெரிதாகக் குறையாது. விழுந்தது ஓர் இரட்டைதான் என்று தெரிந்தால் அதிகம் போனால் 9. எது இரட்டை என்பதும் தெரிந்துவிட்டால் ஒன்று. அந்த இரண்டு கடலை எங்களுக்குத் தொண்ணூறு அழைப்பை மிச்சப்படுத்தியது. தொண்ணூறு வேறு வீட்டாரிடம் "உங்கள் பிள்ளை தொலைந்ததா" என்று கேட்பதையும்.

என் போனிலிருந்தே அழைத்தேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, எண் வேறு அழைப்பில். நான்காவது தடவை இணைப்பே கிடைக்கவில்லை. அத்தனை ஆயிரம் போன் ஒரே சாலையில் இருந்தால் அப்படித்தான். பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பர் சொல்லிவிட்டால் அம்மா வந்துவிடுவாள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டாள். அம்மா வரவில்லை. இப்போதுதான் உண்மையிலேயே பயந்தாள்.

அத்தை தன் பையனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல என் போனைக் கேட்டார். கான்ஸ்டபிள் தடுத்தார். "இந்த போன் யாரும் தொடாதீங்க. அவங்க வாப்பஸ் பண்ணுவாங்க. பிஸி இருக்கக் கூடாது." சரியான பேச்சு. அங்கே அந்த அம்மாவும் சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்துக்கொண்டிருப்பார், இங்கே நாமும் அழைத்துக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் பிஸிதான் வரும்.

பிறகு குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னார். அழைப்புக்கு இடம் கிடைக்காத நெரிசலிலும் குறுஞ்செய்தி வரிசையில் நின்று எப்படியாவது போய்ச் சேரும் என்பது இவர்களுக்கு அனுபவம். நான் பாப்பா பெயர், கவுன் நிறம் எல்லாம் போட்டுத் தட்டினேன். வாங்கிப் பார்த்து அழிக்கச் சொன்னார். எண் தப்பாக இருந்து வேறு யார் கைக்காவது அது போனால்? பெயரும் கவுனும் தெரிந்த எவனும் வந்து என் பிள்ளை என்று நிற்கலாம். கடைசியில் அனுப்பியது இது: "உங்கள் பாப்பா பத்திரமாக இருக்கிறாள். தொட்ட கணபதி கோயில் பக்கம் போலீஸ் பந்தல். இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.

மைக்கில் அறிவிக்கும்போதும் அப்படித்தான். ஐந்து வயதுப் பெண் குழந்தை, தமிழ் பேசுகிறது, பந்தலில் இருக்கிறது என்பதோடு நிறுத்தினார்கள். அம்மா என்ன நிறத்தில் சேலை என்று கேட்டதற்குப் பாப்பா "பச்சை" என்றாள். அதையும் அறிவிக்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டார் கான்ஸ்டபிள். நல்லதாகப் போயிற்று, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடலைக்கார அம்மாவிடம், யாராவது தேடி வந்தால் பந்தலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நடந்தோம். பந்தலில் காத்திருக்கும்போது, "ராத்திரி வரைக்கும் யாரும் வரலைன்னா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம், பாவம் பிள்ளை" என்று அத்தை சொன்னார். கான்ஸ்டபிள் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிக் கூட்டிப் போகக் கூடாதாம். இப்படிக் கிடைத்த குழந்தையைப் பற்றிப் போலீஸுக்கோ 1098-க்கோ 112-க்கோ உடனே சொல்ல வேண்டும், 2015-ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி சொல்லாமல் இருப்பதே குற்றம். யாரும் வராவிட்டால் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். பெற்றவர்கள் பக்கமும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறதாம்: ஒரு நாள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று. அப்படி ஒரு விதியே கிடையாது, காணாமல் போன நிமிடமே வரலாம் என்றார். அத்தை தலையாட்டினாரே தவிர, பிஸ்கட் வாங்கிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பாப்பா மூன்று பாக்கெட்டில் கிரீமை நக்கிவிட்டு மிச்சத்தைக் கான்ஸ்டபிள் தொப்பியில் அடுக்கினாள்.

6.20-க்கு என் போன் அடித்தது. திரையில் அதே எண், நடுவில் இரண்டு 3. எடுத்தால் பேச்சே இல்லை, மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். "இருக்காளா?" என்றார். "இருக்கா" என்றேன். கான்ஸ்டபிள் போனை வாங்கினார். "கையில என்ன வெச்சிருந்தா?" என்று ஒரே கேள்வி. மறுமுனையில் அழுகையும் கோபமும் கலந்து பதில் வந்தது: "பீப்பி. ஊதினா சத்தமே வராது. வேற வேணும்னு அழுதா, திட்டிட்டிருந்தேன், அப்பதான்…" நான் பீப்பியை வாங்கி ஊதிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

அவர் வந்து சேர இன்னும் இருபத்தைந்து நிமிடம் ஆனது. ராமகிருஷ்ண ஆசிரமம் வரை போய்த் தேடியிருக்கிறார். வந்தவர் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. பச்சை இல்லவே இல்லை. பாப்பா கடைசியாகப் பிடித்துக்கொண்டு நடந்தது பச்சை, அதனால் அம்மாவும் பச்சையாகிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அம்மாவின் சேலை நிறத்தை மாற்றிவிட்ட அதே மண்டை, பத்து எண்ணில் ஒன்றைக்கூட இடம் மாற்றவில்லை.

உடனே கொடுத்துவிடவில்லை கான்ஸ்டபிள். பாப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டபோதும், அந்த அம்மாவை உட்கார வைத்துப் போனில் பாப்பாவின் பழைய படங்களைக் காட்டச் சொன்னார், ஆதாரைப் பார்த்தார், பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கண்டெடுத்தவன் என்று என் பெயரும் எண்ணும் அந்த நோட்டில் ஏறின. கடலை மூட்டையைக் கண்டெடுத்தது போல.

ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று தினம் பத்து அழைப்பு. தொல்லை தாங்காமல் தெரியாத எண்கள் சத்தமில்லாமல் போகும்படி போனில் வைத்திருக்கிறார். என் முதல் இரண்டு அழைப்பும் அவர் கையிலேயே ஊமையாக வந்து போயிருக்கின்றன. மூன்றாவது தடவை தன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். குறுஞ்செய்திதான் மேலே வந்து நின்றிருக்கிறது. "நம்பரை நாலு மாசம் பாட்டா பாடி பாடி சொல்லிக் கொடுத்தேன் சார்" என்றார். அதற்கு மேல் சொல்ல முடியாமல் பாப்பாவின் தலையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை எடுத்துக்கொண்டே இருந்தார்.

பந்தலிலிருந்து வெளியே வந்தபோது மிளகாய் பஜ்ஜி வாசனை. இரண்டு 40 ரூபாய். அப்போதுதான் மத்தியானத்திலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்று தெரிந்தது. கடலைப் பை எங்கே என்று அத்தை கேட்டார். அந்த அம்மாவின் சாக்கிலேயே விட்டுவிட்டோம். திரும்பிப் போனால் பையை எடுத்து ஓரமாக வைத்திருந்தார். "கெடச்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பத்துக் கடலையும் சாக்கில் அப்படியே வரிசையாக இருந்தன. நடுவே இரண்டு ஒட்டிக்கொண்டு.

நவம்பர் 26, செவ்வாய்

பரிஷெ இன்றும் உண்டு. எனக்குக் கால் வரவில்லை. அத்தை மட்டும் பக்கத்து வீட்டம்மாவோடு போய் இன்னும் நான்கு சேர் வாங்கி வந்தார். இதை எப்படி ரயிலில் தூக்குவது என்று நான் கேட்டதற்கு, "கோவில்பட்டிக்குக் கடலை கொண்டு போன முதல் ஆள் நீதான்டா" என்று சிரித்தார்.

மத்தியானம் வீட்டுக்குப் போன் போட்டு என் மகளிடம், "அப்பா நம்பர் சொல்லு பாப்போம்" என்றேன். ஆறு வயது. "நம்பரெல்லாம் எதுக்குப்பா? அப்பான்னு போட்டிருக்கும், அத அமுக்கணும்" என்றாள். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். எந்த மெட்டில் போடலாம் என்று நாங்கள் இருவரும் பத்து நிமிடம் சண்டை போட்டோம். எங்கள் எண்ணிலும் ஓர் இரட்டை இருக்கிறது. "டபுள்" கிடையாது, இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது மட்டும் முடிவானது.

சாயங்காலம் ரயில் ஏறிக் கடலைப் பையைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்ததும் போன் அடித்தது. தெரியாத எண். பழக்கதோஷம், வெட்டிவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினேன். ஓசூர் தாண்டும்போது குறுஞ்செய்தி வந்தது: "சார், நேத்து பாப்பாவோட அம்மா. இது என் வீட்டுக்காரர் நம்பர். பேசலாமா?"

வெட்கத்தோடு திருப்பி அழைத்தேன். அவர் நன்றி சொல்ல ஆரம்பிப்பதற்குள் போனைப் பாப்பா பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா, என் பீப்பி உங்ககிட்டயா இருக்கு?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.